ஏசி பிளாண்ட் பராமரிப்பு: சேலத்துத் தண்ணீரில் சில்லர் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்க பிளாண்டுக்கு ஏஎம்சி இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து பார்த்துட்டுப் போறார். அது போதாதா?

போதாது. வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அன்றைக்கு அந்த ஒரு மணி நேரத்தில் பிளாண்ட் எப்படி இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார். சேலத்தில் ஒரு வாட்டர் கூல்டு சில்லரைக் கெடுக்க மூன்று மாதம் வேண்டாம். மேட்டூர்த் தண்ணீர் வரத்துக் குறைந்து, தொட்டியை போர் தண்ணீரால் நிரப்ப ஆரம்பித்த நாளிலிருந்து நாலைந்து வாரம் போதும். ஏஎம்சி ஆள் மார்ச் முதல் வாரம் வந்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார், அடுத்த தடவை ஜூனில் வருவார். நடுவில்தான் எல்லாம் நடக்கும்.

அதனால் பராமரிப்பு அட்டவணையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கருவிகளும் பயிற்சியும் தேவைப்படும் வேலை ஏஎம்சிக்காரருடையது. தினமும் பார்த்து, எழுதி, கழித்துப் பார்க்கிற வேலை பிளாண்ட் ஆபரேட்டருடையது. ஜவுளிக்கடை, மருத்துவமனை, திருமண மண்டபம் போன்ற இடங்களில் இருக்கும் 100 முதல் 300 டன் வரையிலான ஸ்க்ரூ சில்லர்களையும், மாடியில் நிற்கும் கூலிங் டவரையும் மனதில் வைத்துத்தான் இங்கே சொல்கிறேன். ஸ்பிளிட் ஏசிக்கு இவ்வளவு தேவையில்லை.

லாக் புக்ல மணிக்கு ஒரு தடவை எல்லா ரீடிங்கும் எழுதறோம். அதுக்கு மேல என்ன செய்யணும்?

எழுதுவது சரி. எழுதியதைக் கழித்துப் பார்க்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பல லாக் புக்குகளில் பக்கம் பக்கமாக எண்கள் இருக்கும், ஆனால் நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் நடுவில் யாரும் கண்ணை ஓட்டியிருக்க மாட்டார்கள்.

தினமும் பிற்பகல் மூன்று மணி அளவில், லோடு நன்றாக ஏறியிருக்கும்போது, மூன்று வெப்பநிலைகளை எடுங்கள். கன்டென்சருக்குள் போகும் தண்ணீர், கன்டென்சரிலிருந்து வெளியே வரும் தண்ணீர், ஹெட் பிரஷருக்கு உரிய கேஸின் வெப்பநிலை. மூன்றாவதை சில்லரின் திரையே காட்டும். காட்டாவிட்டால் கேஜில் பிரஷரைப் படித்து, அந்தக் கேஸுக்கான அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே வரும் தண்ணீரிலிருந்து உள்ளே போகும் தண்ணீரைக் கழித்தால் வருவது ரேஞ்ச். கேஸ் வெப்பநிலையிலிருந்து வெளியே வரும் தண்ணீரைக் கழித்தால் வருவது அப்ரோச். ஆக ஹெட் பிரஷர் என்ற ஒரே எண்ணை நீங்கள் மூன்று துண்டாக்கிவிட்டீர்கள். உள்ளே போகும் தண்ணீர் சூடாக இருந்தால் குற்றம் டவர் பக்கம். ரேஞ்ச் கூடியிருந்தால் தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது, ஸ்ட்ரெய்னரையும் பம்பையும் வால்வையும் பாருங்கள். அப்ரோச் கூடியிருந்தால் டியூப் அழுக்காகியிருக்கிறது, அல்லது கேஸோடு காற்று கலந்திருக்கிறது.

டியூப் சுத்தமாக இருக்கும் ஸ்க்ரூ சில்லரில், முழு லோடுக்குப் பக்கத்தில் அப்ரோச் ஒன்று முதல் இரண்டு டிகிரிக்குள் இருக்கும். உங்கள் இயந்திரத்துக்கு எது சரியான எண் என்பதை, டியூப் சுத்தம் செய்த மறுநாள் எடுக்கும் ரீடிங்தான் சொல்லும். அந்த எண்ணை லாக் புக்கின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். அதிலிருந்து ஒரு டிகிரி ஏறினால் காரணம் தேட வேண்டும், இரண்டு டிகிரி ஏறினால் டியூபைத் திறக்க நாள் குறிக்க வேண்டும்.

சேலம் வெயிலுக்கு ஹெட் பிரஷர் ஏறுறது சகஜம்தானே சார்? ஏப்ரல்ல எல்லா வருஷமும் ஏறுது.

அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், அதிக நஷ்டத்தைத் தரும் நம்பிக்கையும் இதுதான். காற்றால் குளிர்விக்கப்படும் யூனிட்டாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. கூலிங் டவர் அப்படியில்லை. டவர் தண்ணீரை எவ்வளவு தூரம் குளிர்விக்கும் என்பதை வெட் பல்ப் வெப்பநிலைதான், அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலைதான் தீர்மானிக்கும். சேலத்தின் ஏப்ரல் வெயில் காய்ந்த வெயில். வெளியே 38 டிகிரி இருந்து காற்றின் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தால், வெட் பல்ப் 25 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். நல்ல டவர் அந்த நேரத்திலும் 29, 30 டிகிரியில் தண்ணீர் கொடுக்க முடியும். மழைக்காலத்துப் புழுக்க நாளில் வெயிலே இல்லாவிட்டாலும் டவர் இதே அளவு திணறலாம்.

ஒரு ஜவுளிக்கடையின் 150 டன் பிளாண்டில் எடுத்த எண்களைப் பாருங்கள். கேஸ் ஆர்-134ஏ. எல்லா ரீடிங்கும் பிற்பகலில், கிட்டத்தட்ட 90 சதவீத லோடில் எடுத்தவை. எல்லாம் செல்சியஸ்.

| நாள் | உள்ளே போகும் தண்ணீர் | வெளியே வரும் தண்ணீர் | கேஸ் வெப்பநிலை | ரேஞ்ச் | அப்ரோச் |
|---|---|---|---|---|---|
| பிப்ரவரி நடுவில் | 28.5 | 33.3 | 34.9 | 4.8 | 1.6 |
| மார்ச் நடுவில் | 29.0 | 33.9 | 36.0 | 4.9 | 2.1 |
| ஏப்ரல் முதல் வாரம் | 29.4 | 34.3 | 37.4 | 4.9 | 3.1 |
| ஏப்ரல் கடைசி | 29.5 | 34.5 | 38.9 | 5.0 | 4.4 |

கேஜில் பார்த்தால் 114 பி.எஸ்.ஐ. இருந்தது 129 ஆகியிருந்தது. ஆபரேட்டர் 'வெயில் சார்' என்றார். மேலே உள்ள எண்களைக் கழித்துப் பாருங்கள். கேஸ் வெப்பநிலை மொத்தம் 4 டிகிரி ஏறியிருக்கிறது. அதில் டவர் தண்ணீர் சூடானதால் வந்தது 1 டிகிரி, ரேஞ்சால் வந்தது 0.2, மீதி 2.8 டிகிரி முழுக்க அப்ரோச். நாலில் ஒரு பங்குதான் வெயில் கணக்கு, மிச்சம் பெரும்பாலும் டியூப் கணக்கு.

கேஸ் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரஸர் 2 முதல் 3 சதவீதம் கூடுதல் கரண்ட் இழுக்கும். 2.8 டிகிரிக்கு ஏழு சதவீதம் என்று வையுங்கள். 95 கிலோவாட் இழுக்கும் கம்ப்ரஸருக்கு அது ஆறரை கிலோவாட். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 60 யூனிட்டுக்கு மேல் தினமும் வீண். ஹை பிரஷரில் ட்ரிப் ஆகும் வரை இது யார் கண்ணிலும் படாது, மின்கட்டண பில்லில் மட்டும் தெரியும். அதற்கும் வெயிலைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

அப்ரோச் ஏறினா டியூப்ல உப்புதான்னு எப்படி உறுதியாச் சொல்றது? திறந்து பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னா என்ன பண்றது?

திறப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் லோடு. அப்ரோச் லோடோடு சேர்ந்து ஏறி இறங்கும். 90 சதவீத லோடில் 1.6 காட்டும் சில்லர், பாதி லோடில் 0.9 பக்கம்தான் காட்ட வேண்டும். வேறு வேறு லோடில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. மார்கழிக் குளிரில் பாதி லோடில் ஓடும்போது அப்ரோச் 1.6 இருந்தால், பார்க்க நல்ல எண்ணாகத் தெரியும். கோடை வந்ததும் அதே டியூப் மூன்றைத் தாண்டும். குளிர்காலத்திலேயே உப்பு கட்டிவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க லோடையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சென்சார். ஒன்றரை டிகிரி வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கிறோம், சென்சாரே ஒரு டிகிரி தப்பாகக் காட்டினால் எல்லாம் பாழ். ஒரு வாளியில் நொறுக்கிய ஐஸை நிறையப் போட்டு, இடைவெளி நிறையும் அளவு நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, உள்ளே போகும் சென்சாரையும் வெளியே வரும் சென்சாரையும் சேர்த்து அதில் வையுங்கள். இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று சமமாகக் காட்ட வேண்டும். சென்சாரைத் திரும்பப் போடும்போது குழிக்குள் தெர்மல் பேஸ்ட் வைக்க மறந்தால், அதுவே அரை டிகிரியைத் தின்றுவிடும்.

மூன்றாவது காற்று. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, கன்டென்சர் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒரே வெப்பநிலைக்கு வந்து சற்று நேரம் அப்படியே நிற்கட்டும். அப்போது கன்டென்சரில் இருக்கும் கேஸின் பிரஷர், அந்தத் தண்ணீர் வெப்பநிலைக்கு அட்டவணை சொல்லும் பிரஷருக்குச் சமமாக இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் கேஸோடு காற்று இருக்கிறது, சர்வீஸ் செய்தபோது வேக்கம் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். சமமாக இருந்தால் காற்று இல்லை, டியூபைத் திறக்கலாம்.

அந்த ஜவுளிக்கடையில் பிரஷர் சமமாகவே இருந்தது. மூடியைத் திறந்தபோது டியூப்களின் வாயில் பழுப்பு நிறப் பாசி. நைலான் பிரஷ் விட்டதும் அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதன் அடியில் வெள்ளையாக, முட்டை ஓட்டுப் பருமனுக்கு ஒரு படலம். பிரஷ் அதைத் தொடவே இல்லை. சுரண்டியெடுத்த சில்லு மேல் நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கியது. கால்சியம் கார்பனேட். பிரஷ்ஷோடு நிறுத்திவிட்டு மூடியை மாட்டியிருந்தால் அப்ரோச் அரை டிகிரி இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

லாரித் தண்ணி, போர் தண்ணி, மேட்டூர் தண்ணின்னு கலந்துதான் வருது. இதுக்கு எப்படி அட்டவணை போடறது?

தண்ணீர் மாறும் நாளை அட்டவணையின் முக்கிய நாளாக வையுங்கள். தேதியைப் பார்த்துச் செய்யும் வேலைகளோடு, 'தொட்டிக்கு வரும் தண்ணீர் மாறியதும் ப்ளீட் வால்வைத் திருத்து' என்று ஒரு வரியும் இருக்க வேண்டும். பெரும்பாலான அட்டவணைகளில் அந்த வரி கிடையாது.

150 டன் பிளாண்ட் முழு லோடில் ஓடும்போது டவரில் மணிக்குக் கிட்டத்தட்ட 1,000 லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு டவரிலேயே நிற்கும். அதைக் குறைக்கத்தான் ப்ளீட் வால்வு வழியாகக் கொஞ்சம் தண்ணீரை வெளியே விடுகிறோம். மணிக்கு 330 லிட்டர் ப்ளீட் விட்டால், டவர் தண்ணீர் வரும் தண்ணீரைவிட நாலு மடங்கு செறிவாகும். 500 விட்டால் மூன்று மடங்கு, 1,000 விட்டால் இரண்டு மடங்கு.

அந்தக் கடையில் ப்ளீட் நாலு மடங்குக்கு வைக்கப்பட்டிருந்தது. ஹார்ட்னெஸ் 150 பி.பி.எம். உள்ள குழாய்த் தண்ணீருக்கு அது பொருத்தம், டவரில் 600 ஆகும். மார்ச் கடைசியில் 550 பி.பி.எம். உள்ள போர் தண்ணீருக்கு மாறினார்கள். ப்ளீட் வால்வை யாரும் தொடவில்லை.

இப்போது சோதனைப் பெட்டியால் இரண்டு விஷயங்களை அளந்தோம். குளோரைடு வரும் தண்ணீரில் 260, டவரில் 1,040. சரியாக நாலு மடங்கு. குளோரைடு எங்கும் படியாது, அதனால் உண்மையான மடங்கை அதுதான் சொல்லும். ஹார்ட்னெஸும் நாலு மடங்காகி 2,200 இருக்க வேண்டும். அளந்தால் 1,500தான் இருந்தது. காணாமல் போன 700 எங்கே? உள்ளே வருவது மணிக்கு 1,330 லிட்டர், அதில் இருக்கும் சுண்ணாம்பு 730 கிராம். ப்ளீட் வழியாக வெளியே போவது 500 கிராம் பக்கம். மீதி 230 கிராம் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் டவரிலும் டியூபிலும்தான் தங்குகிறது. பத்து மணி நேரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல். தண்ணீர் சூடாகும் இடத்தில் கால்சியம் கார்பனேட் எளிதாகப் படியும் என்பதால் டியூபுக்குத்தான் பெரிய பங்கு.

வாரம் ஒரு தடவை இந்த இரண்டு சோதனையும் செய்தால் போதும். ஹார்ட்னெஸ் மடங்கு குளோரைடு மடங்கைவிடக் குறைந்தால், அப்ரோச் ஏறும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். டிடிஎஸ் மீட்டர் கையில் இருந்தால் தினமும் ஒரு பார்வைக்கு அது உதவும், ஆனால் சுண்ணாம்பு படியும்போது டிடிஎஸ்ஸும் கூடவே குறைவதால் அதை மட்டும் நம்ப முடியாது.

போர் தண்ணீர்தான் கதி என்றால் ப்ளீட்டைத் திறந்து இரண்டு மடங்குக்குக் கொண்டு வரலாம், ஆனால் தண்ணீர்ச் செலவு மணிக்கு 1,330 லிட்டரிலிருந்து 2,000 ஆகும். தண்ணீரை லாரிக்குக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. வரும் தண்ணீருக்கு சாஃப்ட்னர் போடுவது என் பரிந்துரை. போட்டால், ரீஜெனரேஷன் ஆன பிறகு ஹார்ட்னெஸ் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது தினசரி வேலையாகும். உப்பு தீர்ந்துபோன சாஃப்ட்னர் இருந்தும் இல்லாததுதான்.

டியூப் க்ளீனிங் எந்த மாசம் வைக்கலாம்? ஆசிட் விடுறது நல்லதா?

பொங்கல் வியாபாரம் முடிந்து, தை கடைசியிலிருந்து மாசிக்குள் முடித்துவிடுங்கள். லோடு குறைவு, இரவில் குளிர், ஒரு நாள் சில்லர் நின்றாலும் யாரும் வியர்க்க மாட்டார்கள். ஆடித் தள்ளுபடிக்கு முன் அப்ரோச்சைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் இன்னொரு தடவை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு மூடியைத் திறக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

வழக்கமான க்ளீனிங்குக்கு நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும்தான். உள்பக்கம் வரிகள் போட்ட செம்பு டியூப்களுக்கு ஸ்டீல் பிரஷ் போடக் கூடாது, வரி தேய்ந்துவிடும். ஆசிட் கடைசி வழி. படலம் கெட்டியாகி, ஒரு சில்லு நுரைக்கிறது என்று பார்த்த பிறகுதான். செம்பைக் காக்கும் இன்ஹிபிட்டர் கலந்த சல்ஃபாமிக் ஆசிட் கரைசலைச் சின்ன பம்பால் சுற்றவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை பிஎச் பாருங்கள். சுண்ணாம்பு கரையும் வரை பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும், ஆசிட் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்த்த பிறகும் ஏறாமல் நின்றால் கரைய ஒன்றும் இல்லை, உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓடினால் டியூபைத்தான் தின்னும். வாயு வெளியேற மேலே வென்ட் திறந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடரோ ஹைப்போவோ இருக்கவே கூடாது, ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கடைசியில் சோடா ஆஷ் போட்டு அமிலத்தை முறித்துவிட்டுத்தான் சாக்கடையில் விட வேண்டும்.

அந்தக் கடையில் இதைச் செய்த மறுநாள் அப்ரோச் 1.7.

சரி, எந்த வேலையை எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை? மொத்தமாச் சொல்லுங்க.

தினமும் மூன்று மணி ரீடிங், ஆயில் லெவல், டவர் தொட்டியில் மிதவை வால்வு ஒழுகாமல் மூடுகிறதா, ப்ளீட் ஓடுகிறதா. பம்ப் ரூமுக்குள் போய் ஒரு நிமிடம் நின்று காது கொடுத்துக் கேட்பதும் இதில் சேர்த்தி.

வாரம் ஒரு தடவை தண்ணீர்ச் சோதனை, டவர் நாசில்களில் அடைப்பு, ஸ்ட்ரெய்னருக்கு முன்னும் பின்னும் பிரஷர். மேக்னசைட் சுரங்கப் பக்கம், ஜங்ஷனைத் தாண்டி இருக்கும் கட்டடங்களில் ஸ்ட்ரெய்னர் சீக்கிரம் அடைக்கும். டவர் தன் வழியே போகும் காற்றைக் கழுவிவிடும், அந்தத் தூசி எல்லாம் தொட்டிக்குத்தான் வரும். ஏஎச்யூ ஃபில்டர்களைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவுங்கள், காற்று கிளம்பும் மாதங்களில் வாரம் ஒரு தடவை.

மாதம் ஒரு தடவை டவர் ஃபேன் பெல்ட் அல்லது கியர்பாக்ஸ் ஆயில், பம்ப் சீலில் கசிவு, மூன்று ஃபேஸிலும் கரண்ட் சமமாக இருக்கிறதா என்பது. ஃப்ளோ ஸ்விட்ச் தண்ணீர் நின்றதும் உண்மையிலேயே சில்லரை நிறுத்துகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்து பாருங்கள். கரண்டை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, பேனலில் டெர்மினல்களை முடுக்குவதும், ஏஎச்யூ காயில் கழுவுவதும், கேஸ் லீக் பார்ப்பதும் அதே வருகையில் முடியும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டவர் தொட்டியை முழுக்க வடித்து, சேற்றை அள்ளி, கிருமிநாசினி போட்டுக் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் மாஸ்க் கட்டாயம். டவர் தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா கிருமி நீர்த்துளியோடு நுரையீரலுக்குப் போகும், மருத்துவமனை மாடியில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

வருடம் ஒரு தடவை டியூப், சென்சார் சோதனை, ஆயில் சாம்பிள், ஃபில்டர் டிரையர் கோர், ஹை பிரஷர், லோ பிரஷர் கட் அவுட்கள் சொன்ன இடத்தில் வெட்டுகின்றனவா, மோட்டார் மெக்கர். கம்ப்ரஸர் வேக்கத்தில் இருக்கும்போது மட்டும் மெக்கர் போடாதீர்கள், வைண்டிங் போய்விடும். மூன்று வருடம் அளவில் டியூப்களுக்கு எடி கரண்ட் சோதனை. சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அது காட்டும், ஆசிட் விட்ட சில்லருக்கு இன்னும் முன்னதாகவே செய்யலாம்.

சில்டு வாட்டர் பக்கம் எதையும் கழிக்க வேண்டாமா?

வேண்டும். வெளியே வரும் சில்டு வாட்டரிலிருந்து எவாப்பரேட்டர் கேஸ் வெப்பநிலையைக் கழியுங்கள். அது மூடிய சுற்று, உப்பு கட்டுவது குறைவு. ஆகவே இந்த எண் ஏறினால் கேஸ் குறைந்திருக்கிறதா, ஆயில் எவாப்பரேட்டரில் தங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். மெதுவாக, மாதக்கணக்கில் ஏறினால் பெரும்பாலும் லீக்தான்.

ஸ்பேர் என்னென்ன வாங்கி வைக்கலாம்? ஓனர் எல்லாத்தையும் வாங்க மாட்டேங்கறார்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை, ஓனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். அது போனால் பிளாண்ட் நிற்குமா? ஊருக்குள் அன்றைக்கே கிடைக்குமா? நிற்கும், கிடைக்காது என்றால் மட்டும் அலமாரியில் இருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் சில்லருக்கே உரிய பிரஷர் சென்சார் ஒன்று, வெப்பநிலை சென்சார் ஒன்று, ஆயில் ஃபில்டர், டிரையர் கோர், கன்டென்சர் மூடிக்கான கேஸ்கெட் செட். கேஸ்கெட்டைத்தான் பலர் மறப்பார்கள். மூடியைத் திறந்த பிறகு பழைய கேஸ்கெட் கிழிந்தால், கம்பெனியிலிருந்து வரும் வரை சில்லர் நிற்கும். சில்டு வாட்டர் பம்பும் கன்டென்சர் பம்பும் ஒரே சீல் அளவாக இருந்தால் ஒரு மெக்கானிக்கல் சீல் இரண்டுக்கும் ஆகும், இல்லாவிட்டால் இரண்டு. ஃப்ளோ ஸ்விட்ச் ஒன்று, டவர் நாசில் பத்து, மிதவை வால்வு ஒன்று.

பேரிங், கான்டாக்டர், கப்ளிங் ரப்பர் எல்லாம் சேலத்திலேயே கிடைக்கும், நம்பர் எழுதி வைத்தால் போதும். டவர் ஃபேன் பெல்ட் மட்டும் ஒரு செட் கையில் இருக்கட்டும், மாற்றினால் செட்டாகவே மாற்றுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால் புதியதுதான் எல்லாப் பாரத்தையும் இழுக்கும். ரப்பர் பொருட்களைத் தகர ஷெட்டில் வைக்காதீர்கள், ஒரு கோடையில் வெடித்துவிடும். ஆர்-134ஏ சில்லருக்குப் போடும் ஆயிலைத் திறந்த டப்பாவில் மிச்சம் வைக்கவும் கூடாது. அந்த வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சின்ன டப்பாவாக வாங்குங்கள், திறந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

ஏற்காட்டுல எங்க கம்பெனிக்கு இன்னொரு கட்டடம் இருக்கு. அதே அட்டவணையை அங்கேயும் போடலாமா?

அப்படியே போட முடியாது. மேலே 1,500 மீட்டர் உயரத்தில் கூலிங் டவரும் பெரிய சில்லரும் அநேகமாகத் தேவைப்படாது. காற்றால் குளிர்விக்கும் யூனிட்டுகள்தான் இருக்கும். உப்புப் பிரச்சினை அங்கே கிடையாது. அதற்குப் பதில் மூடுபனியின் ஈரம். ட்ரெயின் டிரே, வெளி யூனிட்டின் எலெக்ட்ரானிக் போர்டு, இன்சுலேஷனில் பூஞ்சை ஆகிய மூன்றையும் மாதம் ஒரு தடவை பாருங்கள், மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை.

சேலத்திலிருந்து போகும் டெக்னீஷியன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றழுத்தம் மேலே குறைவு என்பதால், கேஸுக்குள் அதே நிலை இருந்தாலும் சாதாரண கேஜ் அங்கே சேலத்தைவிட ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. அதிகமாகக் காட்டும். ஹெட் பக்கம் இது பெரிதில்லை. சக்ஷன் பக்கம், ஆர்-134ஏ போன்ற குறைந்த பிரஷர் கேஸில், இது ஒரு டிகிரிக்கு மேல் கணக்கை மாற்றும். அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் அந்த 2 பி.எஸ்.ஐ.-யைக் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எவாப்பரேட்டர் அப்ரோச் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், கேஸ் குறைந்திருக்கும் யூனிட் நன்றாக இருப்பதாக எழுதிவிட்டு மலை இறங்கிவிடுவீர்கள்.